எலுமிச்சைக் கடையும் ஏலக்காய்க் கடையும்

கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று பள்ளிக்கூடம். இன்னொன்று கல்லாப்பெட்டி. பள்ளிக்கூடத்துக் கணக்கில் ஒருவர் 40 ரூபாய்க்கு வாங்கி 50 ரூபாய்க்கு விற்கிறார், லாப சதவீதம் கேட்கப்படுகிறது, விடை 25, அவ்வளவுதான். கல்லாப்பெட்டிக் கணக்கு அப்படி முடிவதில்லை. ஏன் 50? ஏன் 55 இல்லை? விற்காமல் மீதி இருப்பதை என்ன செய்வது? நாளைக்கு அதே சரக்கு 48 ரூபாய்க்குத்தான் கிடைக்கும் என்றால் இன்று 50க்கு விற்றது லாபமா நஷ்டமா?

இந்தக் கேள்விகளோடு இருக்கும் ஒரு பிள்ளைக்கு வியாபார விளையாட்டுகள் உதவுமா? உதவும். ஆனால் எல்லா விளையாட்டும் உதவாது. உதவுகிற விளையாட்டும் பாதி தூரம்தான் வரும். எந்தப் பாதி என்று தெரிந்து விளையாடினால் நல்லது. தெரியாமல் விளையாடினால், அப்பாவுக்கு வியாபாரம் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடும் ஆபத்து இருக்கிறது!

போடிநாயக்கனூர் இதைப் பேசுவதற்கு ஏற்ற ஊர். மேற்கே போடிமெட்டு ஏறினால் ஏலக்காய்த் தோட்டங்கள். கீழே ஊருக்குள் அந்த ஏலக்காயை வாங்குகிறவர்கள், சலித்துத் தரம் பிரிக்கிறவர்கள், பொட்டலம் போட்டு விற்கிற சிறு கடைகள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் 2007ல் இந்த ஊரில் வந்தது. அதாவது, காலையில் ஏலத்தில் ஒரு விலை உருவாகி, மாலைக்குள் கடைத்தெரு முழுக்க அந்த விலையைப் பேசுகிற ஊர் இது. இங்கே ஏலக்காயும் மிளகும் மளிகையும் விற்கும் ஒரு சிறிய கடையின் பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பெயர் வியாபாரம், பாடம் வாடகை

நம் வீடுகளில் 'வியாபாரம்' என்றாலே நினைவுக்கு வருவது மும்பை, சென்னை, டெல்லி என்று ஊர்களை வாங்கி வீடு கட்டும் அட்டை விளையாட்டு. இதன் மூலம் மோனோபோலி. அதற்கும் மூலம் எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904ல் காப்புரிமை பெற்ற 'நிலச்சுவான்தார் விளையாட்டு'. நிலத்தை வளைத்துப் போட்டவர் உட்கார்ந்த இடத்தில் பணக்காரர் ஆவதும் மற்றவர்கள் வாடகை கொடுத்தே ஓட்டாண்டி ஆவதும் எப்படி என்று காட்டுவதற்காக அவர் அதைச் செய்தார். அதனால் அந்த விளையாட்டில் சரக்கு கிடையாது, வாடிக்கையாளர் கிடையாது, விலை வைப்பதும் கிடையாது. தாயம் விழுந்த இடத்தில் வாடகை கட்ட வேண்டியதுதான். நல்ல விளையாட்டுதான். ஆனால் கடைக்காரர் பிள்ளையின் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அடுத்து கணினியில் வரும் பெரிய 'டைகூன்' விளையாட்டுகள். கிரிஸ் சாயர் 1999ல் வெளியிட்ட ரோலர்கோஸ்டர் டைகூன் இவற்றில் மிகவும் பெயர் பெற்றது. கேளிக்கைப் பூங்கா நடத்த வேண்டும். ராட்டினத்துக்கு எவ்வளவு கட்டணம், குளிர்பானத்துக்கு என்ன விலை என்று எல்லாவற்றுக்கும் நாமே விலை வைக்கலாம். அதில் விளையாடுகிறவர்கள் சீக்கிரமே கண்டுபிடிக்கும் ஒரு தந்திரம் உண்டு. மழை வந்தவுடன் குடையின் விலையை ஏற்றிவிட வேண்டும். நனைந்துகொண்டிருக்கும் ஜனங்கள் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

தேவை ஏறினால் விலை ஏறும் என்ற பாடம் சரிதான். ஆனால் போடி கடைத்தெருவில் இந்தத் தந்திரத்தைச் செய்து பார்க்க முடியுமா? முதலில், பொட்டலத்தில் அச்சடித்த விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், பூங்காவுக்கு வருகிறவர் நாளைக்கு வரப்போவதில்லை. மலைக்கு வேலைக்குப் போகிறவர் நாளையும் வருவார், அடுத்த மாதமும் வருவார். மழை நாளில் பிளாஸ்டிக் தாளுக்கு இரட்டை விலை வாங்கிய கடையை அவர் மறக்க மாட்டார். அந்த விளையாட்டின் ஜனங்களுக்கு விலை மட்டும்தான் தெரியும். கடைக்காரரின் முகம் தெரியாது.

பெரிய விளையாட்டுகளில் இன்னொரு குறையும் உண்டு. விதிகள் உள்ளே மறைந்திருக்கின்றன. விலையை மாற்றினால் என்னமோ நடக்கிறது, ஏன் நடந்தது என்று தெரிவதில்லை. கற்றுக்கொள்ள வேண்டிய பிள்ளைக்கு விதி வெளியே தெரிகிற சிறிய விளையாட்டுதான் நல்லது. அப்படி ஒன்று 50 வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது.

பத்து காசு ரகசியம்

அதன் பெயர் 'லெமனேட் ஸ்டாண்ட்'. தமிழில் எலுமிச்சைச் சாறு கடை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1973ல் பாப் ஜேமிசன் எழுதியது. 1979ல் சார்லி கெல்னர் அதை ஆப்பிள் 2 கணினிக்கு மாற்றி எழுதினார், அதன் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. பேசிக் மொழியில் எழுதிய சின்ன நிரல், யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

விளையாட்டு எளிமையானது. கையில் 2 டாலர், அதாவது 200 காசு. காலையில் வானிலை சொல்லப்படும். நீங்கள் மூன்று முடிவு எடுக்க வேண்டும். எத்தனை கோப்பை சாறு போடுவது, எத்தனை விளம்பரப் பலகை வைப்பது, ஒரு கோப்பை என்ன விலை. மாலையில் எவ்வளவு விற்றது என்று தெரியும். மீந்த சாறு கீழே போய்விடும், மறுநாளைக்கு வராது.

வெயில் சாதாரணமாக இருக்கும் ஒரு நாளில், விளம்பரம் இல்லாமல், எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதை இரண்டே வரிதான் தீர்மானிக்கிறது. P என்பது நீங்கள் வைக்கும் விலை. விலை 10 காசுக்குக் கீழே இருந்தால் முதல் வரி, 10 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டாவது வரி.

```
N1 = (10-P)/10 * .8 * 30 + 30
N1 = 10^2 * 30 / P^2
```

இதைப் பேப்பரில் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு நாள் ஒரு கோப்பைக்கு அடக்கம் 2 காசு. விலை 5 காசு வைத்தால் 42 பேர் வாங்குவார்கள், கோப்பைக்கு 3 காசு வீதம் லாபம் 126. விலை 8 என்றால் 34 பேர், லாபம் 204. விலை 10 என்றால் 30 பேர், லாபம் 240. விலை 12 என்றால் 20 பேர்தான், லாபம் 200. விலை 20 வைத்தால் 7 பேர், லாபம் 126.

கவனித்தீர்களா? 5 காசுக்கு விற்றாலும் 20 காசுக்கு விற்றாலும் லாபம் ஒன்றேதான். ஒரு இடத்தில் 42 கோப்பை கழுவி 126 காசு, இன்னொரு இடத்தில் 7 கோப்பை கழுவி அதே 126 காசு. கூட்டம் நிற்கிற கடைதான் லாபக் கடை என்றும், அதிக விலை சொல்கிற கடைதான் லாபக் கடை என்றும் பிள்ளைகளுக்கு இரண்டு விதமான எண்ணம் இருக்கும். இரண்டையும் இந்த ஒரே கணக்கு உடைத்துவிடுகிறது. 10 காசுக்குக் கீழே போனால் ஆள் கொஞ்சம்தான் கூடுகிறது. மேலே போனால் ஆள் வேகமாகக் குறைகிறது. அதனால் நடுவில் ஒரு விலை ஜெயிக்கிறது.

அடக்க விலை ஏறினால்? ஏழாம் நாளிலிருந்து அடக்கம் 5 காசு. அப்போது 10க்கு விற்றால் லாபம் 150, 11க்கு விற்றால் 144, 12க்கு விற்றால் 140. இன்னமும் 10 காசுதான் முதலிடம்! அடக்கம் ஏறியவுடன் விலையை ஏற்றிவிட வேண்டும் என்று தோன்றும். ஆனால் வாங்குகிறவருக்கு உங்கள் அடக்கம் பற்றிக் கவலை கிடையாது. ஏறிய அடக்கத்தை முழுக்க வாடிக்கையாளர் தலையில் ஏற்ற முடியுமா, கொஞ்சம் தானே விழுங்க வேண்டுமா என்பது எதிரே நிற்கிறவரின் கையில் இருக்கிறது. கடைக்காரர்கள் தினமும் படுகிற பாடு இதுதான்.

'தீர்ந்துபோச்சு' என்பது நல்ல செய்தியா?

இந்த நிரலில் இன்னொரு சின்ன விதி இருக்கிறது. வாங்க வந்தவர்கள் நீங்கள் போட்ட கோப்பையைவிட அதிகம் என்றால், போட்ட கோப்பைதான் விற்பனைக் கணக்கில் வரும். 20 கோப்பை போட்டு 30 பேர் வந்தால், திரையில் தெரிவது '20 விற்றது' என்று மட்டுமே. திரும்பிப் போன 10 பேர் எந்தக் கணக்கிலும் இல்லை.

விளையாடுகிற பிள்ளை '20 போட்டேன், 20ம் விற்றது, ஒன்றும் வீணாகவில்லை' என்று மகிழ்ச்சி அடையும். மறுநாளும் 20தான் போடும். தினமும் 80 காசு லாபம் கைநழுவிப் போவது தெரியவே தெரியாது. மாறாக 35 போட்டு 30 விற்றவருக்கு 5 கோப்பை வீண், நஷ்டம் 10 காசு. ஆனால் அவருக்கு ஊரின் தேவை 30 என்று தெரிந்துவிட்டது. மீந்துபோன சரக்கு கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். இல்லாத சரக்கு கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்.

கடையில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எவ்வளவு விற்றது என்று எழுதுவதோடு எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்றும் எழுத வேண்டும். காலையில் மலைக்கு ஜீப் ஏறுகிறவர்கள் வாங்கும் ரொட்டி 8 மணிக்குத் தீர்ந்து, அதன் பிறகும் கேட்டு வந்தவர்கள் இருந்தால் சரக்கு போதவில்லை என்று பொருள். கடை மூடும் நேரத்தில் தீர்ந்தால் அளவு சரி. ஆட்கள் வராத ஞாயிற்றுக்கிழமையை வேலை நாளோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் இரண்டும் கெட்டுவிடும். ஆகையால் திங்களைத் திங்களோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரு நோட்டும் ஒரு கடிகாரமும் போதும். இந்த வேலையைப் பிள்ளையிடமே கொடுக்கலாம்.

அம்மா கொடுத்த சர்க்கரை

லெமனேட் ஸ்டாண்டில் மூன்றாம் நாள் அடக்கம் 2 காசிலிருந்து 4 காசாக ஏறும். காரணம் என்ன தெரியுமா? அம்மா இலவசமாகக் கொடுத்துவந்த சர்க்கரையை நிறுத்திவிட்டாள் என்று திரையில் வரும்! சிரிப்பு வரும் இடம்தான். ஆனால் குடும்பக் கடைகளைப் பற்றி இதைவிடச் சரியாக ஒரு வரி சொல்ல முடியாது.

முதல் இரண்டு நாளில் வந்த 240 காசு லாபத்தில் ஒரு பங்கு அம்மாவுடையது. 30 கோப்பைக்கு 2 காசு வீதம் 60 காசு. அது லாபம் என்ற பெயரில் பிள்ளையின் கையில் இருந்தது.

இதை அப்படியே கடைக்குக் கொண்டுவாருங்கள். சொந்தக் கட்டடம் என்றால் வாடகை எழுதுவதில்லை. மதியம் அப்பா சாப்பிடப் போகும்போது அம்மா கடையில் உட்காருகிறாள், அதற்குச் சம்பளம் எழுதுவதில்லை. பள்ளி விட்டு வந்து பிள்ளையே ஏலக்காய் பொட்டலம் போடுகிறது, அதுவும் எழுதுவதில்லை. மாதம் 18,000 ரூபாய் லாபம் என்று சொல்கிற ஒரு கடையில், பக்கத்துக் கட்டடத்தின் வாடகை 5,000 என்றும், மதியத்துக்கு மட்டும் ஆள் வைத்தால் 4,000 என்றும் வைத்துக்கொண்டால், வியாபாரத்தின் லாபம் 9,000தான். மீதி வீட்டிலிருந்து வந்த சர்க்கரை.

விளையாட்டு நிற்கும் இடம்

இதுவரை லெமனேட் ஸ்டாண்ட் நன்றாகவே கூட வந்தது. இனிமேல் வராது. ஏனென்றால் எலுமிச்சைச் சாறு அன்றோடு முடிந்துவிடுகிறது. காலையில் வாங்கி மாலையில் கணக்கு முடித்துவிடலாம். ஏலக்காய் அப்படியா?

ஏலக்காய் கெடுகிற பொருளும் இல்லை, கெடாத பொருளும் இல்லை. தோட்டத்தில் பறித்த பச்சைக் காய் சுமார் 5 கிலோவை ஸ்டோரில் உலர்த்தினால் 1 கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். அதன் பச்சை நிறமும் காயின் பருமனும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய்க்கு ஒரு விலை, அதில் விழுந்துவிடுகிற காய்க்கு ஒரு விலை. வெளிச்சமும் காற்றும் ஈரமும் படாமல் பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். கண்ணாடி பாட்டிலில் கடை முகப்பில் வைத்தால் நிறம் வெளுத்துப்போகும். ஆகவே வாங்கியதை இன்றே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வைத்திருந்து விற்கலாம். வைத்திருக்கலாம் என்ற இந்த வசதிதான் சிக்கலே.

ஒரு கடை 10 கிலோ ஏலக்காயைக் கிலோ 3,000 வீதம் 30,000 ரூபாய்க்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல 15 சதவீதம் வைத்து 3,450க்கு விற்கிறது. விற்றுக்கொண்டிருக்கும்போதே ஏல விலை 4,000 ஆகிவிடுகிறது. கடைக்காரர் நல்ல மனிதர். 'நாம் வாங்கியது 3,000க்குத்தானே' என்று பழைய விலைக்கே விற்று முடிக்கிறார். கையில் 34,500. நோட்டில் லாபம் 4,500. அந்த 34,500ஐ எடுத்துக்கொண்டு மறுபடி சரக்கு எடுக்கப் போனால் கிடைப்பது 8 கிலோ 625 கிராம்! லாபம் வந்தது, கடை சிறுத்துவிட்டது. அந்த 4,500ல் வீட்டுச் செலவுக்கு எடுத்தால் இன்னும் சிறுக்கும்.

இப்போது திருப்பிப் பாருங்கள். கிலோ 4,000 வீதம் 10 கிலோ, 40,000 ரூபாய். 4,600க்கு 4 கிலோ விற்றாகிவிட்டது, வந்தது 18,400. அப்போது ஏல விலை 3,000க்கு இறங்கிவிடுகிறது. பக்கத்துக் கடையில் புதுச் சரக்கு வந்து 3,450க்கு விற்கிறார்கள். இவர் என்ன செய்ய வேண்டும்? 'நான் 4,000க்கு வாங்கியது, அதற்குக் கீழே விற்க மாட்டேன்' என்று உட்கார்ந்தால் 6 கிலோவும் வெளுத்துப்போகும், வாடிக்கையும் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். அதே 3,450க்கு விற்றால் 20,700 வரும். மொத்தம் 39,100. நோட்டில் 900 நஷ்டம். ஆனால் அந்தப் பணத்துக்கு இப்போது 13 கிலோ சரக்கு கிடைக்கும். தொடங்கும்போது இருந்தது 10 கிலோ.

முதல் கடையில் லாபம் எழுதிய நோட்டு, குறைந்த சரக்கு. இரண்டாவது கடையில் நஷ்டம் எழுதிய நோட்டு, கூடிய சரக்கு. பள்ளிப் புத்தகத்தின் 'வாங்கிய விலை, விற்ற விலை' சூத்திரம் இந்த இரண்டையும் பார்த்தால் திகைத்துப் போகும். விற்கும்போது பார்க்க வேண்டியது வாங்கிய விலையை இல்லை, மறுபடி வாங்கப்போகும் விலையை. விலை அடிக்கடி ஆடுகிற ஊரில் இது தெரியாமல் கடை நடத்த முடியாது.

எவ்வளவு ஆடும் என்பதற்குப் போடிக்காரர்கள் மறக்காத உதாரணம் ஒன்று இருக்கிறது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடுக்கி மலைத் தோட்டங்கள் அடிபட்டன. அடுத்த கோடையில் வறட்சி. காய் குறைந்தது. 2019 ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அது அன்றைய உச்ச விலை, சராசரி அதைவிட வெகுவாகக் குறைவு. ஆனால் எல்லோர் மனதிலும் பதிந்தது 7,000 என்ற எண்தான். விலை ஏறியதால் தோட்டங்களை நன்றாகக் கவனித்தார்கள், விளைச்சல் திரும்பியது. நடுவே கொரோனா வந்தது. 2022ல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. இன்னும் ஏறும் என்று மூட்டையை வைத்திருந்தவர்கள் இறங்கும் வழி முழுக்க 'அந்த விலை திரும்பி வரும்' என்று காத்திருக்க வேண்டியதாயிற்று.

லெமனேட் ஸ்டாண்டில் இந்தக் காத்திருப்பு இல்லை. நேற்றைய கோப்பை இன்று இல்லை, அதனால் நேற்றைய விலையைக் கட்டிக்கொண்டு அழவும் முடியாது.

கடன் நோட்டு

இன்னொன்றும் அந்த விளையாட்டில் இல்லை. வாங்குகிற எல்லோரும் காசு கொடுத்துவிடுகிறார்கள்!

மலை வேலைக்குப் போகிறவர்களுக்குச் சம்பள நாள் என்று ஒன்று உண்டு. அதுவரை அரிசியும் பருப்பும் நோட்டில் எழுதித்தான் போகும். கடன் கொடுக்காத கடைக்கு அவர்கள் வரமாட்டார்கள். கொடுக்கிற கடைக்கு எல்லாவற்றையும் வாங்க வருவார்கள். ஆக, கடன் என்பது இரக்கத்தால் கொடுப்பது மட்டுமில்லை, அதுவும் விலையின் ஒரு பகுதி. பக்கத்துக் கடையில் ஒரு ரூபாய் குறைவாக இருந்தும் ஜனங்கள் இங்கே வருவது ஏன் என்று பிள்ளைக்குப் புரியாவிட்டால் கடன் நோட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

அதன் செலவு எவ்வளவு? மளிகையில் 1,000 ரூபாய் சரக்கு விற்றால் அடக்கம் 880, நிற்பது 120 என்று கொள்வோம். ஒருவர் 1,000 ரூபாய் பாக்கியோடு ஊரைவிட்டுப் போய்விட்டால் கைவிட்டுப் போன அடக்கம் 880. அதை ஈடுகட்ட 120, 120 ஆகச் சேர்க்க வேண்டும். ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் புதிதாக விற்க வேண்டும், அதுவும் ரொக்கத்துக்கு. ஒருவரும் ஏமாற்றாவிட்டாலும் சிக்கல் உண்டு. 40,000 ரூபாய் நோட்டில் நின்றால் கடையில் லாபம் இருக்கும், மொத்த வியாபாரிக்குக் கொடுக்கக் கையில் காசு இருக்காது. கடை மூடுவது பெரும்பாலும் லாபம் இல்லாததால் இல்லை, அந்த வாரம் காசு இல்லாததால்.

அப்படியானால் என்ன விளையாடுவது?

லெமனேட் ஸ்டாண்டில் தொடங்கட்டும். 10 காசு ரகசியத்தைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும், யாரும் முன்கூட்டியே சொல்ல வேண்டாம். கண்டுபிடித்த அன்றே அந்த விளையாட்டு சப்பென்று ஆகிவிடும். ஏனென்றால் அதற்கு ஒரே ஒரு விடைதான். அதுதான் சரியான நேரம். அப்போது விதியை மாற்றச் சொல்ல வேண்டும்.

ஒரு நோட்டும் ஒரு பகடையும் எடுத்துக்கொள்ளட்டும். கையில் 40,000 ரூபாய், ஏல விலை கிலோ 3,000. ஒவ்வொரு வாரமும் பகடை உருட்ட வேண்டும். 1 அல்லது 2 விழுந்தால் ஏல விலை 300 இறங்கும், 3 அல்லது 4 என்றால் அப்படியே இருக்கும், 5 அல்லது 6 என்றால் 300 ஏறும். பகடை உருட்டும் முன்பே எவ்வளவு வாங்குவது என்று எழுதிவிட வேண்டும், அன்றைய விலைக்கே வாங்க வேண்டும். உருட்டிய பிறகு விற்பனை விலையைச் சொல்ல வேண்டும். புது ஏல விலைக்கு மேல் 15 சதவீதத்துக்குள் விற்பவருக்கு அந்த வாரம் 5 கிலோ போகும். அதற்கு மேல் கேட்பவருக்கு 1 கிலோதான். விற்காதது அடுத்த வாரத்துக்கு வரும், ஆனால் நான்கு வாரம் தாண்டிய காய் வெளுத்ததாகக் கொண்டு அன்றைய ஏல விலைக்கே தள்ளிவிட வேண்டும்.

இதில் கடனையும் சேர்க்கலாம். விற்றதில் 2 கிலோவின் பணம் இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். அப்படி வரும் ஒவ்வொரு பாக்கிக்கும் ஒரு முறை பகடை, 1 விழுந்தால் அது வராது.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் கணக்கு. இங்கேதான் முக்கியமான விதி. கையில் மிஞ்சிய ஏலக்காயை வாங்கிய விலைக்கு எழுதக் கூடாது, கடைசி வாரத்தின் ஏல விலைக்கு எழுத வேண்டும். வராத பாக்கியைச் சொத்தாக எழுதக் கூடாது. இந்த இரண்டு விதியும் இல்லாவிட்டால் எல்லோரும் ஜெயித்ததாகவே முடியும். இரண்டு பேர் விளையாடினால் இன்னும் நல்லது. விலை ஏறும் வாரத்தில் மூட்டையை விற்காமல் கட்டி வைக்கிறவர் ஒருவர், வந்த விலைக்கு விற்றுச் சரக்கைத் திருப்புகிறவர் ஒருவர் என்று தானாகவே பிரிந்துவிடுவார்கள். சில ஆட்டங்களில் கட்டி வைத்தவர் பெரிதாக ஜெயிப்பார். பல ஆட்டம் விளையாடி எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான், அவர் ஜெயித்தது சாமர்த்தியமா பகடையா என்பது தெரியும்.

இந்த விளையாட்டுக்குப் படம் இல்லை, பாட்டு இல்லை. பூங்காவும் ராட்டினமும் இல்லை. ஆனால் இதை விளையாடிய பிள்ளை அப்பாவிடம் கேட்கும் கேள்வி மாறியிருக்கும். 'ஏன்ப்பா நாமளும் விலையை ஏத்தக்கூடாது?' என்று கேட்ட பிள்ளை, 'இப்ப நாம விக்கிற விலைக்கு நாளைக்கு இதே சரக்கை எடுக்க முடியுமாப்பா?' என்று கேட்கும். ஏல விலை ஆடும் ஊரில் ஒரு கடையின் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியது இந்த இரண்டாவது கேள்விதான்.